அலுமினியத்தில் இறுகிய தெர்மோஸ்டாட் போல்ட்டை ஒடிக்காமல் கழற்றியது

பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றில் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டியிருந்தது. அதை மூடியிருக்கும் ஹவுசிங்கைப் பிடித்திருந்தவை இரண்டு எம்6, அதாவது ஆறு எம்எம் விட்டமுள்ள போல்ட்டுகள். இரண்டுக்கும் பத்து எம்எம் தலை. மேல் போல்ட் எளிதாக வந்துவிட்டது. கீழ் போல்ட்டின் வாஷரைச் சுற்றி வெள்ளைத் தூள் படிந்திருந்ததால், அதை வேறு விதமாகத்தான் கையாள வேண்டும் என்று தெரிந்தது. பல ஆண்டுகள் கூலண்டுக்குப் பதிலாகப் போர்த்தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இந்தத் தூள் அதிகமாகவே இருக்கும்.

இரும்பு போல்ட்டும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அப்போது உருவாகும் ஆக்சைடு, தான் உண்டான உலோகத்தைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். பலரும் மரைதான் இறுகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஆனால் ஹவுசிங்கின் துளைக்கும் போல்ட்டின் தண்டுக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளியை இந்த ஆக்சைடு நிரப்பித் தண்டை இறுகப் பிடித்துக்கொள்வதுதான் இங்கே பெரும்பாலும் நடப்பது. தலையைத் திருப்பும்போது தண்டு அந்த இடத்திலேயே முறுக்கப்பட்டு ஒடிகிறது. கீழே இருக்கும் மரைக்கு விசை போய்ச் சேர்வதே இல்லை.

வேலையைத் தொடங்குமுன் போல்ட் தலையிலிருந்து ஹவுசிங் வரை மார்க்கரால் ஒரே நேர்கோடு இழுத்தேன். அறுமுக சாக்கெட்டும் குட்டை ராட்செட்டும் மட்டுமே பயன்படுத்தினேன். நீளமான கைப்பிடி எம்6 போல்ட்டுக்கு ஆபத்தானது. மெதுவாக விசை கொடுத்து, சாக்கெட்டை எடுத்துக் கோட்டைப் பார்த்தேன். விசை கொடுத்தபோது மயிரிழை அளவு நகர்ந்த தலை, விட்டவுடன் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. அதாவது போல்ட் சுழலவில்லை, தண்டு முறுக்கிக்கொண்டு மீள்கிறது. கோடு விலகி, திரும்பாமல் அங்கேயே நின்றால் இரண்டில் ஒன்று: ‘கிரீச்’ என்ற ஒலியோடு விலகியிருந்தால் போல்ட் சுழலத் தொடங்கிவிட்டது, ஒலியின்றிக் கை மெத்தென்று உள்வாங்குவதுபோல் போனால் இரும்பு இளகி ஒடியப்போகிறது. அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது வெப்பம். அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும்; நூறு டிகிரி உயர்வில் ஆறு மில்லிமீட்டர் துளைக்குக் கிடைக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனாலும் ஆக்சைடில் விரிசல் விழ அது போதும். சூடான எஞ்சினில் ஹவுசிங்கைத் திறப்பது உடலை வேகவைக்கும் என்பதால், எஞ்சின் ஆறியபின் கூலண்டை ஹவுசிங் மட்டத்துக்குக் கீழே வடித்தேன். உள்ளே கூலண்ட் நின்றால் கொடுக்கும் சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடும். பெட்ரோல் ஹோஸ் அருகிலேயே இருந்ததால் டார்ச்சைத் தொடவில்லை, ஹீட் கன் மட்டும்தான். ஹவுசிங் மேல் விழுந்த தண்ணீர்த் துளி உடனே பொரிந்து மறையும் வரை போல்ட் நுழையும் காதுப் பகுதியைச் சுற்றிச் சூடாக்கினேன். போல்ட் தலையை நேராகச் சூடாக்கவில்லை. அதற்கு மேல் சூட்டை ஏற்றினால் அலுமினியத்தின் உறுதி குறையத் தொடங்கும், அது சிவந்து எச்சரிக்கவும் செய்யாது.

வெதுவெதுப்பாக ஆறியதும் பெனட்ரேட்டிங் ஆயிலை வாஷரின் ஓரத்தில் விட்டு, பித்தளைத் துண்டை வைத்துத் தலையில் நேராகவும் ஹவுசிங்கின் காதில் பக்கவாட்டிலும் சிறு சுத்தியலால் தட்டினேன். எண்ணெய் விட்ட பின்பு மறுபடி சூடாக்குவதானால் துடைத்துவிட்டே செய்ய வேண்டும், அது தீப்பிடிக்கக்கூடியது. இப்படிச் சூடும் எண்ணெயும் மாறி மாறிக் கொடுத்துவிட்டு, முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிது திருப்பினேன். மெல்லிய ‘கிரீச்’ கேட்டது. கோடு விலகி அங்கேயே நின்றது.

அத்தோடு ஒரேயடியாகக் கழற்றவில்லை. பொடியான ஆக்சைடு மரைக்குள் உருண்டு மீண்டும் பூட்டிக்கொள்ளும் என்பதால் கால் சுற்று கழற்றி, தடை கூடியதும் பின்வாங்கி, எண்ணெய் விட்டு மறுபடி கழற்றினேன். வெளியே வந்த தண்டின் நடுப்பகுதியில் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தது; மரை ஏறத்தாழச் சுத்தமாக இருந்தது.

சூட்டுக்கும் அது அசையாமல் இருந்திருந்தால், போல்ட் தலையைத் துளையிட்டு எடுத்துவிட்டு ஹவுசிங்கை உருவியிருப்பேன். ஹவுசிங் பாழானாலும் விலை குறைவு. சிலிண்டர் ஹெட்டுக்கு வெளியே நீண்டு நிற்கும் தண்டை நேராகச் சூடாக்கிப் பிடித்துத் திருப்பலாம், அல்லது அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து கழற்றலாம். அடியோடு ஒடிந்த எம்6 துண்டைத் துளையிட்டு, அதைக் கவ்வித் திருப்பும் ஈஸி-அவுட் கருவியை உள்ளே இறக்குவதை நான் விரும்புவதில்லை. அது உள்ளேயே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அந்தக் கடின எஃகைத் தொடாது.

மரை வெட்டும் எம்6 டாப்பைக் கையால் விட்டு மரையையும், ஹவுசிங் துளையை வட்ட அரத்தாலும் சுத்தம் செய்தேன். புது போல்ட்டுகளின் தண்டிலும் மரையிலும் மறுபடி இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைப் பூசி, அது உராய்வைக் குறைப்பதால், மேனுவல் சொல்லும் 10 நியூட்டன் மீட்டருக்குப் பதில் 8-இல் இறுக்கினேன்.