பதினோரு அடி

ஜனவரி 20

ஆண்டு விழாவில் பாப்பாவுக்கு வண்ணத்துப்பூச்சி வேஷம். எட்டுக் குழந்தைகள், மூன்று நிமிடப் பாட்டு. வீட்டில் ஒரு அடி பிசகாமல் ஆடுகிறாள். யாராவது எட்டிப் பார்த்தால் போதும், அப்படியே நின்றுவிடுகிறாள். ஆட்டம் தெரியாத குழந்தை இல்லை. பார்க்கிற கண்கள்தான் அவளுக்குப் பழகவில்லை.

ஜனவரி 27

மேடை ஒத்திகை. மிஸ்ஸிடம் கேட்டு, மற்றவர்கள் வரும் முன்பே அவளைக் காலி மேடையில் நடக்க விட்டேன். பலகை டம் டம்மென்றது. இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். அவள் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் வட்டம். சைடு விங்கிலிருந்து அதுவரை எத்தனை அடி என்று அவளே எண்ணினாள். பதினொன்று.

அப்புறம் விளக்கைப் போட்டார்கள். "அம்மா, கீழே யாருமே தெரியலையே!" நல்லவேளை, இன்றே தெரிந்துகொண்டாள். இல்லாவிட்டால் விழா அன்று என்னைத் தேடியே ஆட்டத்தை விட்டிருப்பாள்.

ஜனவரி 31, இரவு

உடை மாற்றிவிடும் அம்மாக்களோடு நானும் மேடைக்குப் பின்னால் இருந்தேன். இறக்கை கட்டும் முன்பே அவளைப் பாத்ரூம் கூட்டிப்போய் வந்தேன். கட்டிவிட்டால் அத்தனை ஊக்கையும் கழற்ற வேண்டும்.

ஆனால் மைக் கோளாறில் வரிசை மாறி, ஏழாவது நடனம் பத்தாவதாகப் போனது. அரைமணி நேரம் இருட்டில் சும்மா நிற்க வேண்டும். ஆடுவதைவிட இதுதான் கொடுமை. மற்றவர்கள் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். அழுதிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். பாவாடையின் ஜரிகை ஓரத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். தோள் காதுவரை ஏறியிருந்தது.

"பயப்படாதே கண்ணு, எல்லாரும் உன்னைத்தான் பார்க்கப் போறாங்க" என்றார் ஓர் அம்மா. அன்பாகத்தான் சொன்னார். இவள் இன்னும் ஒடுங்கினாள்.

ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளத் துடித்தேன். தூக்கினால் இறங்க மாட்டாள் என்றும் தெரியும். பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. கன்னத்து மினுக்குத்தூள் கொஞ்சம் அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. "இதை மெதுவா ஊது, பறக்குதான்னு பார்க்கலாம்." நீளமாக ஊதினாள். தூள் பறக்கவில்லை. நாலாவது தடவை ஊதும்போது தோள் இறங்கியது.

"எத்தனை அடி?" என்று காதோடு கேட்டேன்.

"பதினொன்னு." அரைமணி நேரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

பாட்டு தொடங்கியது. மிஸ் முதுகைத் தொட்டதும் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரை இடுக்கு வழியே அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. வேகமாக நடந்ததில் பத்திலேயே வட்டம் வந்துவிட்டது. ஒரு கணம் திகைத்தாள். பிறகு நின்ற இடத்திலேயே ஒரு காலைத் தூக்கி வைத்துப் பதினொன்றை முடித்துவிட்டு, இறக்கையை விரித்தாள்.