குழாயில் தண்ணீர் வந்ததா? விளைவு பட்ஜெட்டில் ஒரே ஒரு அட்டவணை வரியைச் சரிசெய்த அனுபவம்

நிதித் துறையின் சுற்றறிக்கை வந்தபோது நான் குடிநீர் வழங்கல் துறையின் திட்டப் பிரிவில் இருந்தேன். அடுத்த ஆண்டின் செலவுக்குத் துறை ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையோடு விளைவு பட்ஜெட்டையும் சேர்த்துத் தர வேண்டும் என்றது சுற்றறிக்கை. ஒவ்வொரு திட்டத்துக்கும் எவ்வளவு ஒதுக்கீடு, அந்தப் பணத்தில் துறை எதைச் செய்து முடிக்கும், அதனால் மக்களுக்கு என்ன கிடைக்கும், அதை எந்தக் குறியீட்டால் அளப்பது, இலக்கு எவ்வளவு என்று ஒரே அட்டவணையில் காட்ட வேண்டும். ஆறு வாரம் கொடுத்திருந்தார்கள்.

முதல் முயற்சியில் எல்லாப் பிரிவுகளுக்கும் கடிதம் எழுதி, வந்ததையெல்லாம் தொகுத்தோம். 64 குறியீடுகள் சேர்ந்துவிட்டன. பதித்த குழாயின் நீளம், கட்டிய மேல்நிலைத் தொட்டிகள், நடத்திய ஆய்வுக் கூட்டங்கள், ஒதுக்கீட்டில் செலவழித்த சதவீதம். நிதித் துறை அட்டவணையை ஒரே கேள்வியோடு திருப்பி அனுப்பியது: "இதில் விளைவு எது?" கேள்வி சரியானது. தொட்டி கட்டுவது வெளியீடு. அந்தத் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதுதான் விளைவு. இரண்டுக்கும் நடுவே எத்தனையோ நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

அதன்பிறகு எல்லாத் திட்டங்களையும் ஒரே மூச்சில் முடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். துறையின் பெரிய செலவான 'ஊரகக் குழாய்வழிக் குடிநீர்' என்ற அட்டவணை வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை அடிவரை பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

எங்கள் பதிவுகளின்படி 94 சதவீதக் குடியிருப்புகளுக்குக் குடிநீர் வசதி இருந்தது. அந்த எண் எப்படி வருகிறது என்று தேடிப் பார்த்தால், ஓர் ஊரில் திட்டம் முடிந்து இயக்கத்துக்கு வந்த நாளிலேயே அந்த ஊர் 'வசதி பெற்றது' என்ற கணக்கில் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு அதைக் கீழே இறக்க வழியே இல்லை. மோட்டார் எரிந்து ஒரு மாதம் கிடந்தாலும் அந்த ஊர் 94-க்குள்தான் இருக்கும். இப்படி ஏற மட்டுமே தெரிந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எந்தச் செலவையும் சோதிக்க முடியாது.

அதனால் குறியீட்டை இப்படி மாற்றி எழுதினோம்: 'கடந்த ஏழு நாட்களில் குறைந்தது ஐந்து நாள் குழாயில் தண்ணீர் வந்த வீடுகளின் சதவீதம்'. தொடக்க நிலையை அறிய, குலுக்கல் முறையில் 40 ஊர்கள், ஊருக்கு 20 வீடுகள் என 800 வீடுகளில் கேட்டு ஒரு கணிப்பு நடத்தினோம். 61 சதவீதம் வந்தது. 94 எங்கே, 61 எங்கே! அந்த எண்ணை மேலே அனுப்பவே வேண்டாம் என்றார்கள் சிலர். இயக்குநர் அனுப்பச் சொன்னார். தொடக்க நிலையை உயர்த்திக் காட்டியிருந்தால், நாங்கள் எதைச் சரிசெய்தாலும் அது கணக்கில் தெரிந்திருக்காது.

தண்ணீர் வராத 39 சதவீத வீடுகளில் காரணத்தையும் கேட்டிருந்தோம். அதில் சுமார் 20, மோட்டார் பழுதாலோ குழாய் உடைப்பாலோ. 11, கிணறும் ஆழ்துளையும் வற்றியதால். மீதி 8, கடைசித் தெருவரை அழுத்தம் எட்டாததாலும் மின்வெட்டாலும். ஆக, பழுதையெல்லாம் உடனுக்குடன் சரிசெய்தால்கூட 81-க்கு மேல் போக முடியாது. இலக்கு வைப்பதற்கு முன் இந்த உச்சவரம்பு தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து பணத்தின் பக்கம். அந்த வரியின் ஒதுக்கீட்டை நூறு பங்காக வைத்துப் பார்த்தால் புதிய பணிகளுக்கு 58, சம்பளத்துக்கும் அலுவலகத்துக்கும் 22, மின்கட்டணத்துக்கு 11, பராமரிப்புக்கு 9. இதைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடாக இருந்தது. எங்கள் கணக்குத் தலைப்புகள் பெரும்பாலும் செலவின் வகையை வைத்து அமைந்தவை. அந்தச் செலவு எந்தத் திட்டத்துக்குப் போகிறது என்பது அவற்றில் எப்போதும் தெரியாது. துறையின் சம்பளம் முழுவதும் ஒரே தலைப்பில் கிடந்தது. பொறியாளர்களின் பணி நாட்களை வைத்துத் தோராயமாகப் பகிர்ந்து, தோராயம் என்று அட்டவணையிலேயே எழுதினோம்.

பழுதுபார்க்க எத்தனை நாள் ஆகிறது என்பதை அறிய நானே சில பம்ப் அறைகளுக்குப் போனேன். ஓர் ஊரில் இயக்குபவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். காலையும் மாலையும் மின்மீட்டர் அளவு, மோட்டார் ஓடிய மணி நேரம், ஓடாத நாளில் சிவப்பு மையில் காரணம். "மோட்டார் எரிஞ்ச அன்னைக்கே எழுதிடுவேன் மேடம். ஆபீஸ்ல எழுதுறது வேற தேதி" என்றார். அந்த நோட்டுகள்தான் எங்கள் தரவு. 40 ஊர்களின் நோட்டுகளையும் ஓராண்டுக்குத் தொகுத்தபோது, ஒரு பழுதைச் சரிசெய்யச் சராசரியாக 11 நாள் ஆனது தெரிந்தது.

அந்தச் சராசரியை மாதவாரியாகப் பிரித்த அன்றுதான் விஷயம் விளங்கியது. நிதியாண்டின் முதல் எட்டு மாதங்களில் 7 நாள். கடைசி நான்கு மாதங்களில் 19 நாள். பராமரிப்புத் தலைப்பில் பணம் எட்டாவது மாதத்தோடு தீர்ந்துவிடுகிறது. அதன்பிறகு எரிந்த மோட்டார் துணை மானியக் கோரிக்கைக்கோ, அடுத்த நிதியாண்டுக்கோ காத்துக் கிடக்கிறது. எட்டு மாதத்துக்கு 9 பங்கு என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு 13.5 பங்கு. நாங்கள் 14 கேட்டோம். புதிய பணிகளை 58-லிருந்து 53 ஆக்குவதாகச் சொன்னோம்.

முதல் எட்டு மாதத்தின் 7 நாளும் எங்களை உறுத்தியது. பணம் இருக்கும்போதே ஏன் ஒரு வாரம்? மதிப்பீடு தயாரித்து, கோட்ட அலுவலகம் போய், ஒப்புதலோடு திரும்பி வருவதற்கே நான்கு நாள் ஓடிவிடுகிறது. குறிப்பிட்ட வரம்புவரை உதவிப் பொறியாளரே ஒப்புதல் தரலாம் என்று நிதி அதிகாரப் பகிர்வை மாற்றக் கேட்டோம். இதற்குக் கூடுதல் செலவே கிடையாது. விளைவு பட்ஜெட் என்றாலே பணத்தை இடம் மாற்றுவது என்று நினைப்பார்கள். எங்களுக்கு முன்னேற்றத்தின் ஒரு பகுதி ஓர் அரசாணையில்தான் இருந்தது.

நிதித் துறைக் கூட்டம் எளிதாக இருக்கவில்லை. "ஐந்து பங்கு கூடுதலாகத் தருகிறோம். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும்?" என்று கேட்டார்கள். ஆண்டு இலக்குக் கட்டத்தில் ஓர் எண் வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். ஆனால் 800 வீடுகளின் கணிப்பில், ஒரே ஊரின் வீடுகள் ஒன்றுபோல் இருக்கும் என்பதையும் சேர்த்தால், ஏறத்தாழ ஐந்து சதவீதப் புள்ளி மேலேயோ கீழேயோ பிசகலாம். இரண்டு கணிப்புகளை ஒப்பிட்டால் பிசகு ஏழு புள்ளிவரை போகும். 61-லிருந்து 64 என்று இலக்கு வைத்தால், அதை அடைந்தோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே விளைவுக்கு இரண்டாண்டு இலக்காக 70-ஐ வைத்தோம். ஆண்டு இலக்குக் கட்டத்தில் பழுதுபார்க்கும் நாளை வைத்தோம்: 11-லிருந்து 5.

யார் எதற்குப் பொறுப்பு என்ற விவாதமும் வந்தது. மழை பொய்த்து ஆழ்துளை வற்றினால் அதற்குப் பொறியாளரைக் கேட்க முடியுமா? நியூசிலாந்து 1989-இல் பொது நிதிச் சட்டம் கொண்டுவந்தபோது, வெளியீட்டுக்குத் துறைத் தலைவரும் விளைவுக்கு அமைச்சரும் பொறுப்பு என்று பிரித்தார்கள். எங்கள் அட்டவணை ஏறத்தாழ அந்தப் பாதையில் போனது. பழுதுபார்க்கும் நாள் எங்கள் கையில் இருப்பது. அதற்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் தண்ணீர் வருவதற்கு நாங்களும் ஒரு காரணம். அதை விளக்க வேண்டும்.

முதலாண்டு முடிந்தபோது அலுவலகப் பதிவேடு 5 நாள் என்று காட்டியது. இலக்கு அப்படியே வந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பதிவுகளை விரித்துப் பார்த்தால் பத்துக்கு நான்கு பழுதுகள் சரியாக 5 நாளில் முடிந்திருந்தன. 6, 7 என்று ஏறத்தாழ எதுவுமே இல்லை. உண்மையான பழுதுகள் இப்படி இலக்கின் விளிம்பில் வந்து வரிசையாக நிற்காது. மறுபடியும் பம்ப் அறை நோட்டுகளை எடுத்து மின்மீட்டர் அளவுகளைப் பார்த்தோம். பல ஊர்களில் பழுது பதிவாவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மீட்டர் நகராமல் நின்றிருந்தது. மெக்கானிக் கிளம்பும் நாளைப் 'பழுதான நாள்' என்று பதிந்திருக்கிறார்கள். மீட்டரை வைத்துத் திருத்தியபோது சராசரி 7 நாள்.

திருத்திய எண்ணைத்தான் நிதித் துறைக்கு அனுப்பினோம். அந்த ஆண்டு வீட்டுக் கணிப்பு 64. "ஐந்து பங்கு கொடுத்தோம், மூன்று புள்ளி வந்திருக்கிறது, இலக்கையும் தவறவிட்டீர்கள், பழையபடி 9-க்கே போய்விடலாமா?" என்று கேட்டார் அவர்களது செலவினப் பிரிவு அதிகாரி. இந்தக் கேள்வியில்தான் விளைவு பட்ஜெட் பல இடங்களில் உடைகிறது என்று நினைக்கிறேன். தவறிய இலக்கு ஒன்றைக்கொண்டு பணம் வீணானதா, போதவில்லையா, அளவு பிசகியதா என்று சொல்லிவிட முடியாது. மாதவாரி எண்களைக் காட்டினோம். கடைசி நான்கு மாதத்தின் 19 நாள் இப்போது 8. கூட்டிய பணம் எங்கே வேலை செய்ய வேண்டுமோ அங்கே செய்திருந்தது. முதல் எட்டு மாதத்தின் 7 மட்டும் 6.5-லேயே நின்றது, ஏனென்றால் அதிகாரப் பகிர்வு ஆணை ஆண்டின் பத்தாவது மாதத்தில்தான் வெளிவந்தது. அவர் அந்தத் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 14 பங்கு தொடர்ந்தது.

ஒரு வேலையைத் தாமதமாகச் செய்தோம். பட்ஜெட் மதிப்பீடு தயாராகும் நேரத்தில் நடப்பாண்டின் ஆறு மாத எண்கள்தான் கையில் இருக்கும், வீட்டுக் கணிப்போ ஆண்டு முடிந்த பிறகு வரும். இரண்டாம் ஆண்டில் கணிப்பை நிதியாண்டின் ஏழாவது மாதத்துக்கே நகர்த்தினோம். முதலாண்டோடு ஒப்பிடப் பருவம் மாறிவிடக்கூடாது என்பதால் பழைய மாதத்திலும் பாதி ஊர்களில் கேட்டோம். இரட்டை வேலைதான், வேறு வழி தெரியவில்லை.

இரண்டாம் ஆண்டின் முடிவில் 71. தொடக்கத்தோடு பத்துப் புள்ளி வித்தியாசம். பிசகுக்கு வெளியே வந்த முதல் எண் அதுதான். பழுதுபார்க்கும் நாள் 5.5. புதிய பணிகள் ஐந்து பங்கு குறைந்ததால் தள்ளிப்போன ஊர்களின் பட்டியலையும் அதே அட்டவணையில், அதே பக்கத்தில் போட்டோம். இப்போது மூன்றாம் ஆண்டு அட்டவணைக்கு, வற்றிய ஆழ்துளைகளின் அந்த 11 சதவீதத்தை எடுத்து, ஊர் ஊராக நீர்மட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம்.