சலூன் புக்கிங் ஆப்: முதல் பதிப்பில் எதை வைத்தோம், எதை விட்டோம்

சலூன் உரிமையாளர் கொடுத்த பட்டியலில் 23 அம்சங்கள் இருந்தன. ஆன்லைன் பேமென்ட், பாயின்ட்ஸ், ரிவ்யூ, எல்லாமே முதல் பதிப்பிலேயே வேண்டும் என்றார். வெறும் பட்டியலை வைத்து முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க ரிசப்ஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எழுதும் அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை 10 மணிக்கு ஒருவருக்கு ஹேர் கலர். நோட்டில் 10 முதல் 11:30 வரை அவர் பெயர்தான் இருந்தது. ஆனால் அதே ஸ்டைலிஸ்ட் பெயரில் 10:30-க்கு ஒரு ஹேர்கட்டும் இருந்தது. தப்பாக எழுதிவிட்டார்களோ என்று கேட்டேன். "கலர் பூச அரை மணி நேரம், ஊற 40 நிமிஷம், அலச 20 நிமிஷம். ஊறும்போது ஸ்டைலிஸ்ட் சும்மாதானே இருப்பார்?" என்றார் ரிசப்ஷனில் இருந்த அக்கா.

நான் வரைந்து வைத்திருந்த டிசைனில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரே ஒரு கால அளவுதான். அதன்படி 90 நிமிடமும் அடைபட்டு, அந்த ஹேர்கட் போயிருக்கும். சரி, ஒன்றின் மேல் ஒன்று போட விட்டுவிடலாம் என்றால் அதுவும் ஆபத்து. 45 நிமிட வேலை ஒன்று நடுவில் வந்தால், கலர் போட்டவர் அலச ஆளில்லாமல் காத்திருப்பார். கலர் அதிக நேரம் ஊறினால் எதிர்பார்த்த நிறம் வராது.

அதனால் சேவையை வேலை, இடைவெளி, வேலை என்று மூன்று துண்டாகப் பிரித்தோம். அந்த 40 நிமிட இடைவெளிக்குள் முழுசாக அடங்கும் சேவையை மட்டும் ஆப் காட்டும். 30 நிமிட ஹேர்கட் வரும், 45 நிமிட வேலை வராது. பட்டியலில் இல்லாத இந்த அம்சம்தான் முதலில் உள்ளே போனது.

அப்புறம் மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இது இல்லாவிட்டால் காலண்டரில் இருப்பதும் கடையில் நடப்பதும் வேறு வேறாகிவிடுமா?

புக் செய்யாமல் நேரில் வருபவர்களை இரண்டே தட்டலில் பதியும் வசதி உள்ளே வந்தது. அது சிரமமாக இருந்தால் ரிசப்ஷனில் மறுபடி நோட்டை எடுத்துவிடுவார்கள். ஆப் காலி என்று காட்டும் நேரத்தில் நாற்காலியில் ஆள் இருப்பார். முந்தைய நாள் போகும் நினைவூட்டலும் உள்ளே வந்தது, அதிலேயே ரத்து செய்யும் லிங்க்கோடு. வரமாட்டோம் என்று ஒருவர் சொல்ல வழி இருந்தால்தான் அந்த நேரம் அடுத்தவருக்குத் திறக்கும்.

பாயின்ட்ஸும் ரிவ்யூவும் உடனே வெளியே போயின. பேமென்ட்டுக்கு மட்டும் நீண்ட பேச்சு. முன்பணம் வாங்கினால் வராதவர்கள் குறைவார்கள் என்ற உரிமையாளரின் வாதம் நியாயமானது. ஆனால் எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்தால் பணம் திரும்பும் என்று அவர்களிடமே விதி இல்லை. விதி முடிவாகட்டும், அடுத்த பதிப்பில் சேர்க்கலாம் என்று ஒப்புக்கொண்டோம்.

தலை அலசும் வாஷ்பேசினைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு கலர் ஒரே நேரத்தில் முடிந்தால் இடிக்கும் என்று தெரியும். இப்போதைக்கு அதை ரிசப்ஷன் அக்காதான் கண்ணால் பார்த்துச் சமாளிக்கிறார்.