16 ஜி.பி. போனுக்குள் ஒரு விளையாட்டு

நம் கல்லூரிக் கணினி அறையில் எங்கள் காலத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம்: செய்த வேலை 1.44 எம்.பி. பிளாப்பியில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கண்ணில் பட்டதை அழிக்கப் பார்ப்போம். சேர் விடமாட்டார். `dir /o-s` அடித்து, பெரிய கோப்பு எது என்று கொப்பியில் எழுதிக் காட்டிய பிறகுதான் கை வைக்கலாம். இன்று லண்டனில் ஆண்ட்ராய்டு விளையாட்டுகள் செய்யும்போதும் நான் அப்படித்தான் தொடங்குகிறேன்.

அண்மையில் செய்த படப்புதிர் விளையாட்டை ஊரில் படிக்கும் பிள்ளைகளும் விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர்களில் பலரிடம் இருப்பது அண்ணனோ அக்காவோ பாவித்துவிட்டுக் கொடுத்த 16 ஜி.பி. போன். ஆண்ட்ராய்டும் வாட்ஸ்அப் படங்களும் பிடித்தது போக அதில் மிஞ்சுவது கொஞ்ச இடம்தான்.

விளையாட்டு செய்யும் மென்பொருளான யூனிட்டியில் பில்ட் முடிந்ததும் `Editor.log` கோப்பைத் திறந்தால், எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாக இருக்கும். முதலில் `Resources` என்ற ஃபோல்டரில் கிடப்பவற்றைப் பார்க்க வேண்டும். விளையாட்டில் எங்குமே பயன்படாவிட்டாலும் அதற்குள் இருப்பதெல்லாம் பில்டுக்குள் போய்விடும். பழைய மாதிரிப் படங்களை அங்கிருந்து வெளியே எடுத்தாலே அளவு இறங்கும்.

எங்கள் பட்டியலின் தலையில் நின்றவை பின்னணி ஓவியங்கள். 2048×2048 படம் ஒன்றைச் சுருக்காமல் வைத்தால், புள்ளிக்கு 4 பைட் வீதம் 16 எம்.பி. அதையே ETC2 என்ற படச் சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் 4 எம்.பி., ASTC என்ற இன்னொரு வடிவத்தில் 6×6 புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கினால் 2 எம்.பி.க்கும் குறைவு, 8×8 என்றால் 1 எம்.பி. வானம், மரம், மதில் போன்றவற்றுக்கு 8×8 தாராளமாகப் போதும். ஆனால் எழுத்துகளிலும் பொத்தான்களின் விளிம்புகளிலும் அது திட்டுத்திட்டாகத் தெரியும். அவற்றை மட்டும் 4×4-இல் விட்டேன். இதைப் போன் திரையில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மலிவுப் போன்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய கிராபிக்ஸ் சிப்புகள் சிலவற்றுக்கு ASTC தெரியாது. அப்போது யூனிட்டி படத்தை ஏற்றும்போதே விரித்து, ரேமில் மறுபடி 16 எம்.பி. ஆக்கிவிடும். இன்ஸ்டால் ஆவதில் குறையே இருக்காது; திறந்தால் நெடுநேரம் சுற்றும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். 1 ஜி.பி. ரேம் உள்ள போனில் அப்படி நடந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

ஆப் பண்டில் என்ற தொகுப்பாகப் பிளே ஸ்டோரில் ஏற்றும்போது படங்களை இரண்டு வடிவத்திலும் சேர்த்து வைக்கலாம். எந்தப் போனுக்கு எது பொருந்துமோ அதை மட்டும் ஸ்டோர் இறக்கித் தரும். ஆனால் நம் பிள்ளைகள் பலர் டேட்டா செலவாகும் என்று ஒருவர் போனிலிருந்து இன்னொருவருக்கு நேரே அனுப்பிக்கொள்கிறார்கள். அந்த வழியில் இந்தத் தெரிவு நடக்காது. அவர்களுக்கென்று ETC2 படங்கள் மட்டும் கொண்ட தனி ஏ.பி.கே. ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். அதில் படங்கள் பிடிக்கும் இடம் கூடத்தான், ஆனால் ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.0 என்ற கிராபிக்ஸ் தரம் உள்ள எந்தப் போனிலும் அவை விரியாமல் ஓடும்.