அறுபது படிவம், ஒரு எக்செல் ஷீட்

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு. வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்த 60 பேர், ஆளுக்கு 20 கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ என்று மூன்று விடைகள், நான்காவதாக 'தெரியாது'. படிவங்கள் கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வகுப்பில் எல்லோரும் செய்வதையே நானும் முதலில் செய்தேன். படிவத்தைத் திருத்தி, சரி என்றால் 1, தவறு என்றால் 0 என்று நேராக எக்செலில் அடித்தேன். பன்னிரண்டு படிவம் முடிந்திருந்தபோது சீனியர் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் என்ன சொன்னாங்கன்னு இதுல எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் பன்னிரண்டையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

இந்த முறை `Data` என்ற ஷீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு வரிசை. A-யில் படிவ எண், B-யில் வயது, C பாலினம், D படிப்பு, E-யில் சர்க்கரை நோய் வந்து எத்தனை ஆண்டு. F முதல் Y வரை இருபது கேள்விகள். விடைகளை a, b, c என்று அடித்தேன். 'தெரியாது' என்பதற்கு d. விடையே குறிக்காத இடத்தை வெறுமையாக விட்டேன். பெயர் எங்கும் இல்லை. படிவ எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனி நோட்டில் பூட்டி இருந்தது. சரியான விடைகள் `Key` என்ற இன்னொரு ஷீட்டின் இரண்டாம் வரிசையில். மதிப்பெண் போடும் வேலையை மூன்றாவது ஷீட்டான `Score` பார்த்துக்கொண்டது:

```
=IF(Data!F2="","",IF(Data!F2=Key!F$2,1,0))
```

இதை Y61 வரை இழுத்துவிட்டு, Z-இல் `=SUM(F2:Y2)` போட்டேன். அக்கா சொன்னதன் அருமை அப்போதே தெரிந்தது. நகம் வெட்டுவது பற்றிய ஏழாவது கேள்விக்கு 60 பேரில் 3 பேர்தான் சரி என்று வந்தது. மற்ற கேள்விகளில் தேறியவர்கள்கூட இதில் மொத்தமாகத் தவறுவார்களா என்று `Key` ஷீட்டைப் பார்த்தால், c இருக்க வேண்டிய இடத்தில் நான் b அடித்திருக்கிறேன். ஒரு கட்டத்தை மாற்றினேன், அறுபது பேரின் மதிப்பெண்ணும் தானாகச் சரியானது. பழைய முறையில் அறுபது படிவத்தையும் மறுபடி எடுத்திருக்க வேண்டும்.

வயதில் அடுத்த சறுக்கல். மூன்று பேர் வயது சொல்லவில்லை. 'விடை இல்லை' என்பதற்கு 99 போடலாம் என்று ஏதோ ஒரு குறிப்பில் படித்ததை வைத்து அப்படியே அடித்தேன். `=AVERAGE(B2:B61)` 56.25 என்று காட்டியது. பார்க்க நியாயமான எண்தானே, சந்தேகமே வரவில்லை. கைடு மேடம்தான், "அதிகபட்ச வயசு என்னம்மா?" என்றார். `=MAX(B2:B61)` போட்டால் 99. எங்கள் ஓபி வரிசையில் நிற்கும் 99 வயதுக்காரர்கள் மூன்று பேர்! அந்தக் கட்டங்களை வெறுமையாக்கியதும் சராசரி 54 ஆனது. 57 பேரை மட்டும் வைத்து வந்தது அது. அன்றிலிருந்து சராசரி பார்க்கும் முன் `MIN`, `MAX`, `COUNT` மூன்றையும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விபத்தை நானே வரவழைத்தேன். வயது வரிசையில் பார்க்க ஆசைப்பட்டு B நெடுவரிசையை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினேன். `Expand the selection` வேண்டுமா என்று எக்செல் கேட்டது. படிக்காமல் `Continue with the current selection` கொடுத்துவிட்டேன். வயது மட்டும் இடம் மாறியது, மற்றதெல்லாம் அப்படியே நின்றது. சேமித்து மூடியும் விட்டேன். இரண்டு நாள் கழித்து, 31 வயதுக்காரர் ஒருவருக்கு 35 ஆண்டாகச் சர்க்கரை என்று ஒரு வரிசை கண்ணில் பட்டபோதுதான் வயிறு கலங்கியது. படிவங்களின் தலையில் எண் எழுதி வைத்திருந்ததால் 57 வயதையும் திரும்ப அடித்து மீட்டேன். சும்மா இருக்கட்டும் என்று ஓரத்தில் `=IF(B2="","",IF(E2>B2,"பார்","" ))` என்ற சூத்திரத்தையும் இழுத்துவிட்டேன்.

இனி ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி. வழக்கமாக மொத்த மதிப்பெண்ணை வைத்து அறிவு நிலை போதியது, மிதமானது, போதாது என்று மூன்றாகப் பிரித்து ஒரு வட்ட வரைபடம் போட்டு முடித்துவிடுவோம். என்னுடையதில் 7, 31, 22. சரி, இதை வைத்து வார்டில் நாளை காலை என்ன சொல்லிக் கொடுப்பது? அதனால் கேள்வி கேள்வியாக எண்ணிப் பார்த்தேன். பதினோராவது கேள்வி P நெடுவரிசையில் இருக்கிறது: கால் வறண்டால் எண்ணெய் எங்கே தடவ வேண்டும்?

```
=COUNTIF(Data!P2:P61,"b")
=COUNTIF(Data!P2:P61,"d")
=COUNTBLANK(Data!P2:P61)
```

b-தான் சரியான விடை. சரி 14, தெரியாது 6, வெறுமை 3. மீதி 37 பேர் விரலிடுக்கிலும் தேய்க்க வேண்டும் என்ற பொருளில் பதில் சொல்லியிருந்தார்கள். பாதத்தின் மேலும் அடியிலும் தடவலாம். இடுக்கில் ஈரப்பசை தங்கினால் தோல் ஊறிப் பிளந்து பூஞ்சைத் தொற்றுக்கு வழியாகும். தெரியாது என்ற 6 பேருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். 37 பேரிடம் அப்படி முடியாது, அவர்கள் அக்கறையாகச் செய்துவரும் ஒரு பழக்கத்தை விடச் சொல்ல வேண்டும். முதலில் செய்ததுபோல் 1, 0 என்று அடித்திருந்தால் இரு சாராரும் ஒரே பூஜ்யத்துக்குள் போயிருப்பார்கள்.

சதவீதம் போடும்போது வகுக்கும் எண் 60-ஆ, 57-ஆ என்று மேடத்துக்கும் எனக்கும் சின்ன விவாதம். 60 என்றால் 23.3, பதில் சொன்னவர்கள் மட்டும் என்றால் 24.6. மொத்த மதிப்பெண்ணில் வெறுமைக்கு மதிப்பெண் இல்லை என்று ஏற்கெனவே வைத்திருந்ததால் இங்கும் 60 என்றே முடிவு செய்து, வெறுமையைத் தனி நெடுவரிசையில் காட்டினோம்.

வரைபடத்துக்கு முப்பரிமாண வட்டம் வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தேன்; முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும். இருபது கேள்விகளையும் சரியான விடையின் சதவீதப்படி வரிசைப்படுத்தி, படுக்கைப் பட்டையாகப் போட்டேன். எக்செல் அதைத் தலைகீழாகக் காட்டும். அச்சின் அமைப்பில் `Categories in reverse order` குறியிட்டால் நேராகும். பட்டைகளின் பெயர்களை முதலில் பாமினி எழுத்துருவில் அடித்துவிட்டதால் கல்லூரிக் கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. யுனிகோடில் மறுபடி அடித்தேன்.

வைவாவில் வெளித்தேர்வாளர் அந்தப் பட்டைகளைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "இதுல எத்தனை பேர் தாங்களே படிச்சு எழுதினாங்க, எத்தனை பேருக்கு நீங்க வாசிச்சுக் காட்டினீங்க?" பாதிப் பேருக்கு மேல் நான்தான் வாசித்தேன். நர்ஸ் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது 'தெரியாது' என்று சொல்லத் தயங்கி, ஏதோ ஒன்றைச் சொன்னவர்களும் அந்த 37-இல் இருக்கலாம். அதற்கு என் ஷீட்டில் ஒரு நெடுவரிசை இல்லை, படிவத்திலும் குறிக்கவில்லை. "எழுதி வைக்கல மேடம்" என்றேன்.