மாலை 5 மணி, யாருடைய 5 மணி?

அந்த டெண்டரைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தபோது நான் அதிக நேரம் செலவழித்த வார்த்தை 'வரை'. 'விலைப்புள்ளிகள் 12ஆம் தேதி மாலை 5 மணி வரை பெறப்படும்.' 'அன்டில்' என்று போட்டால் சரியாக 5 மணிக்கு வந்தது சேருமா சேராதா என்று ஒரு வழக்கறிஞர் கேட்கலாம், 'பிஃபோர்' போட்டால் சேரவே சேராது. அரை மணி நேரம் யோசித்து 'நாட் லேட்டர் தேன் 5 பி.எம்.' என்று எழுதினேன். அதில் 5 மணியும் அடங்கும். எனக்கே திருப்தியாக இருந்தது.

பழைய ஏர் கம்ப்ரசர் ஒன்றை விற்கும் டெண்டர் அது. எப்போதும் உள்ளூர்க்காரர்கள்தான் எடுப்பார்கள், அதனால் ஆவணம் தமிழில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஆர்வம் காட்டினார், ஆங்கிலத்தில் வேண்டும் என்றார், வேலை என்னிடம் வந்தது.

நேரத்தைத் தட்டச்சு செய்தபோதே உறுத்தியது. அவர்கள் எங்களைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். மேலாளருக்குப் போன் செய்தேன். "சார், 5 மணி நம்ம நேரம்னு ஒரு வரி சேர்க்கட்டுமா?"

"தமிழ்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ ஏன் சேர்க்கணும்? ஒருத்தருக்கு ஒரு டெண்டர், இன்னொருத்தருக்கு வேற டெண்டர்னு ஆகிடும். இருக்கறதை இருக்கறபடி எழுதுங்க."

அவர் சொன்னது தப்பில்லை. டெண்டரில் பங்கேற்கும் எல்லோர் கையிலும் ஒரே ஆவணம்தான் இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் தன் பாட்டுக்கு நிபந்தனை சேர்க்கக் கூடாது. நான் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். சரி சார் என்று வைத்துவிட்டேன்.

என்னைத் தூங்கவிடாதது அதே ஆவணத்தின் நான்காம் பக்கம். தமிழில் 'மோட்டார் 100 எச்.பி.' என்று மட்டும் இருந்தது. நம்மூரில் ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட், 100 எச்.பி. என்பது 74.6 கிலோவாட். ஆனால் மெட்ரிக் குதிரைத்திறன் என்று வேறொன்று உண்டு, அது சுமார் 735 வாட்தான். அந்தக் கணக்கில் பழகியவர் இதையே 73.5 என்று படிப்பார். உடனே ஷெட்டில் இருந்தவரிடம் மோட்டார் மேல் உள்ள தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். கிரீஸ் அப்பிய தகட்டைத் துணியால் துடைத்து அனுப்பினார்: 75 கிலோவாட், 50 ஹெர்ட்ஸ். ஆங்கிலத்தில் 100 எச்.பி.க்குப் பக்கத்தில் 75 கிலோவாட் என்று போட்டேன். தமிழில் அது இல்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

ஆக, கிலோவாட்டைச் சேர்க்க எனக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை, நேரத்துக்கு மட்டும் தேவைப்பட்டது. கிலோவாட் மோட்டார் மீதே பொறித்திருக்கும் உண்மை, நேரம் நிபந்தனை, இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் 5 மணி எங்கள் அலுவலகக் கடிகாரத்தின் 5 மணி என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த உண்மைதானே? தமிழில் எழுதாததற்குக் காரணம், படிப்பவர்கள் எல்லோரும் அதே கடிகாரத்தைப் பார்ப்பவர்கள். வாக்கியத்தை வார்த்தை பிசகாமல் கொண்டுபோனேன், அதற்கு அடியில் கிடந்த கடிகாரத்தை இங்கேயே விட்டுவிட்டேன்.

12ஆம் தேதி அவர்களுடைய விலைப்புள்ளி அவர்கள் நேரப்படி 4:20க்குக் கிளம்பியது. எங்கள் மெயிலில் 7:50. 5 மணிக்கே மற்ற விலைப்புள்ளிகளைப் பிரித்துவிட்டார்கள். தாமதம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

வழி இல்லாமலும் இல்லை. போனில் கேட்காமல் எழுத்தில் கேட்டிருந்தால் பதிலும் எழுத்தில் வந்திருக்கும். 'நேரம் எங்கள் உள்ளூர் நேரப்படி' என்று ஒரு திருத்த அறிவிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லோருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கலாம். அதில் மேலாளரின் கவலைக்கும் இடமில்லை. இது எனக்கு அன்றே தெரியும். ஒரு வரிக்காகத் திருத்த அறிவிப்பா என்று சிரிப்பார்களோ என்ற கூச்சம்தான். அதே சமயம், வெளிநாட்டு டெண்டரில் கலந்துகொள்கிறவர்கள் எந்த ஊர் நேரம் என்று கேட்டிருக்க வேண்டாமா? வேண்டும்தான். இதைச் சொல்லிக்கொள்ளும்போது கொஞ்சம் ஆறுதல், ஐந்து நிமிடத்துக்கு.

மேலாளர் அப்புறம் என்னிடம் சொன்னது: "நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்."

5 மணி எந்த ஊர் நேரம் என்பது எந்த ஷரத்தில் இருக்கிறது என்று அவர்கள் கேட்டு எழுதினார்கள். அலுவலகம் தந்த பதிலையும் நான்தான் மொழிபெயர்த்தேன். 'இரண்டு மொழிகளுக்கிடையே முரண் வந்தால் தமிழ் மூலமே செல்லும்' என்ற ஷரத்தை அதில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். தமிழ் மூலத்திலும் நேரம் எந்த ஊருடையது என்று இல்லை. அதைச் சுட்டிக்காட்டாமல், இருந்ததை இருந்தபடி மொழிபெயர்த்து அனுப்பினேன்.