28 எப்படி 74 ஆனது: துடிப்பு இடைவெளிகளைக் கையால் கணக்குப் பார்த்த கதை

காலையில் எழுந்ததும் இதயத்துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டியைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருப்பது என் வழக்கம். உப்புவெளிக் கடற்கரையில் ஓடப் போவதற்கு முன், உடம்பு எப்படி இருக்கிறது என்று கைபேசிச் செயலி ஒரு எண் சொல்லும். அது இதயத்துடிப்பு மாறுபாடு, அதாவது துடிப்புகளுக்கு இடையிலுள்ள நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பது. எனக்கு வழக்கமாக 26 முதல் 30 வரை வரும். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், இரவு முழுக்கப் புழுக்கத்தில் சரியாகத் தூங்காமல் எழுந்தேன். செயலி 74 என்று காட்டி, 'உடம்பு மிக நன்றாகத் தேறியிருக்கிறது' என்றும் சொன்னது. நாடித் துடிப்பு மட்டும் எப்போதும் போல நிமிடத்துக்கு 68. ஒன்று அப்படியே நிற்க மற்றது இரண்டரை மடங்கு தாண்டுவது எப்படி? அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அடி வரைக்கும் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

முதலில் பட்டி என்ன அனுப்புகிறது என்று பார்த்தேன். என் பட்டி வெறும் நாடித் துடிப்பை மட்டும் சொல்வதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் எவ்வளவு நேரம் போனது என்பதையும் அனுப்புகிறது. இ.சி.ஜி. தாளில் உயரமாக, கூராக எழும் முனைக்கு ஆர் என்று பெயர். ஒரு ஆரிலிருந்து அடுத்த ஆர் வரையுள்ள நேரம்தான் இந்த இடைவெளி. புளூடூத் தகவலை அப்படியே காட்டும் nRF Connect என்ற செயலியில் பட்டியை இணைத்தால் இப்படி வரும்:

```
10 44 83 03
```

இவை பதினாறடிமான எண்கள். முதலில் உள்ள 10, 'இதில் இடைவெளியும் இருக்கிறது' என்பதற்கான அடையாளம். 44 என்றால் நம் கணக்கில் 68, அதுதான் நாடித் துடிப்பு. கடைசி இரண்டையும் மாற்றிப் போட்டு 0383 என்று படித்தால் 899 வரும். அதை மில்லிவிநாடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புளூடூத் விதிப்படி ஒரு விநாடியை 1024 பங்காக்கித்தான் அனுப்புகிறார்கள். 899-ஐ 1000 ஆல் பெருக்கி 1024 ஆல் வகுத்தால் 878 மில்லிவிநாடி கிடைக்கும். பெரும்பாலான செயலிகள் இதை மாற்றிய பிறகே கோப்பில் எழுதுகின்றன.

எண் ஒழுங்காக வந்த ஒரு நாளின் கோப்பை எடுத்து, அதில் அடுத்தடுத்த பத்து இடைவெளிகளை விரிதாளில் போட்டேன்:

842, 866, 901, 928, 917, 880, 851, 839, 862, 894

இதயம் கடிகாரம் போல அடிக்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. 842-இல் தொடங்கி 928 வரை ஏறுகிறது, பிறகு 839-க்கு இறங்குகிறது, திரும்பவும் ஏறுகிறது. ஒரு ஏற்ற இறக்கத்துக்குச் சுமார் 6 விநாடி ஆகிறது. அது என் மூச்சு. உள்ளே இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கும், வெளியே விடும்போது விலகும். துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு இதயத்தின் மீது வைத்திருக்கும் பிடி மூச்சோடு சேர்ந்து தளர்ந்து இறுகுவதால் இப்படி ஆகிறது. படுத்திருக்கும்போது அளக்கும் மாறுபாட்டில் பெரும் பங்கு இதுதான்.

நாடித் துடிப்பைக் கணக்கிடுவது சுலபம். பத்தையும் கூட்டினால் 8780, சராசரி 878. ஒரு நிமிடத்தில் 60,000 மில்லிவிநாடி. அதை 878 ஆல் வகுத்தால் 68.3. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதலில் இடைவெளிகளைச் சராசரி எடுத்து, அதன் பிறகுதான் வகுக்க வேண்டும். 600, 1200 என்று இரண்டே இடைவெளிகள் இருந்தால் சராசரி 900, துடிப்பு 66.7. ஒவ்வொன்றையும் தனித்தனியே துடிப்பாக்கினால் 100, 50 என்று வந்து சராசரி 75 ஆகிவிடும்.

மாறுபாட்டுக்குப் பல கணக்குகள் இருக்கின்றன. என் செயலி காட்டுவது RMSSD. ஒவ்வொரு இடைவெளியிலிருந்தும் அதற்கு முந்தியதைக் கழிக்க வேண்டும். என் பத்தில் ஒன்பது வித்தியாசங்கள் வரும்: 24, 35, 27, −11, −37, −29, −12, 23, 32. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 6558. ஒன்பதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 27 மில்லிவிநாடி. விரிதாளில் இடைவெளிகள் A1 முதல் A10 வரை இருந்தால் இரண்டு வரி போதும்:

```
=60000/AVERAGE(A1:A10)
=SQRT(SUMXMY2(A2:A10,A1:A9)/9)
```

முழு ஐந்து நிமிடத்தையும் இதே மாதிரி போட்டபோது அன்று செயலி சொன்ன எண்ணே வந்தது: 341 இடைவெளிகள், RMSSD 27. சரி, கணக்கு பிடிபட்டுவிட்டது.

அப்புறம் அந்த 74 வந்த நாளின் கோப்பைத் திறந்தேன். எண்களாகப் பார்த்தால் கண் ஓடிவிடும் என்பதால் கோட்டுப்படமாகப் போட்டேன். சிறு அலைகளாகப் போய்க்கொண்டிருந்த கோட்டில் ஓரிடத்தில் மட்டும் பனைமரம் போல ஒன்று தனியே நின்றது. அந்த இடத்தின் எண்கள் 872, 1768, 890.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவருக்கு வைத்தியசாலையில் இ.சி.ஜி. எடுக்கும் வேலை. அவரிடம் காட்டினேன். பார்த்த உடனே, "தம்பி, 1768-ஐ ரெண்டாப் பிரிச்சுப் பார்" என்றார். 884. இரண்டு பக்கமும் உள்ளவற்றோடு ஒத்துப்போகிறது. நடுவில் ஒரு துடிப்பைப் பட்டி பிடிக்காமல் விட்டிருந்தால் இரண்டு இடைவெளிகள் ஒன்றாக ஒட்டி இப்படித்தான் வரும்.

ஒரே ஒரு துடிப்பு, அதுவும் 339 இடைவெளிகள் இருக்க வேண்டிய கோப்பில். அது 28-ஐ 74 ஆக்குமா? நம்பிக்கை வராமல் நல்ல கோப்பில் செய்து பார்த்தேன். மேலே சொன்ன பத்தில் 880-ஐயும் 851-ஐயும் சேர்த்து 1731 என்று வைத்தேன். வித்தியாசங்களில் இப்போது 814-உம் −892-உம் நுழைகின்றன. வர்க்கமாக்கினால் இந்த இரண்டு மட்டுமே 14 லட்சத்தைத் தாண்டும். முழுக் கோப்பின் மற்ற எல்லா வித்தியாசங்களின் வர்க்கங்களையும் கூட்டினாலும் இரண்டரை லட்சம்கூட இல்லை. ஐந்து நிமிட RMSSD 27-இலிருந்து 71-க்குத் தாவியது. நாடித் துடிப்போ 68.2-இலிருந்து 68.0 ஆனது, அவ்வளவுதான். சராசரி சிறு பிழையை விழுங்கிவிடும், வர்க்கம் அதை ஊதிப் பெரிதாக்கும். நாடித் துடிப்பு சரியாக இருக்கிறது என்பதை வைத்து மாறுபாட்டு எண்ணையும் நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

அந்த வரியைச் சரி செய்வதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1768-ஐ அழித்துவிட்டு 872-க்குப் பக்கத்தில் 890-ஐக் கொண்டுவந்து ஒட்டினால், அடுத்தடுத்து வராத இரண்டையும் அடுத்தடுத்தவை என்று கணக்கிட்டதாகிவிடும். ஆகவே அந்த இடத்தை வெற்றாக விட்டு, அதன் இரு பக்க வித்தியாசங்களையும் கணக்கிலிருந்து நீக்கினேன். 28 வந்தது.

பட்டி ஏன் துடிப்பை விட்டது என்பதற்கு அக்கா பெரிதாக யோசிக்கவில்லை. "கச்சான் அடிக்கேக்க தோல் காஞ்சு கிடக்கும். மேல ஃபேன் வேற. தண்ணி தொட்டாய்தானே?" ஓடும்போது வியர்வையே மின்முனைகளை ஈரமாக்கிவிடும், அதனால் பிரச்சினை இல்லை. விடியற்காலையில் காய்ந்த நெஞ்சில் காய்ந்த பட்டியைக் கட்டினால் சமிக்ஞை மெலிந்துவிடும். இப்போது மின்முனைகளைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துக் கட்டி, இரண்டு நிமிடம் விட்டுத்தான் பதிவைத் தொடங்குகிறேன்.

ஆனால் அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சரியாக இரு மடங்கு இடைவெளி வந்தால் அது எப்போதும் பட்டியின் குறை என்று சொல்ல முடியாது. சிலருக்கு இதயமே ஒரு துடிப்பைத் தவறவிடும், அப்போதும் எண் இதே மாதிரிதான் இருக்கும். இடைவெளிப் பட்டியலை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதற்கு அலையையே பார்க்க வேண்டும், அதாவது இ.சி.ஜி. எடுக்க வேண்டும். நனைத்துக் கட்டிய பிறகு எனக்கு அது திரும்ப வரவில்லை. வந்திருந்தால், அல்லது தலைசுற்றல் இருந்திருந்தால், செயலியை மூடிவைத்துவிட்டு வைத்தியரிடம் போ என்பது அவருடைய கட்டளை.

வேறொரு நாள் கோட்டுப்படத்தில் வேறு வடிவம் வந்தது: 878, 590, 1165, 872. முதலில் பள்ளம், உடனே மேடு. இரண்டையும் கூட்டினால் 1755, ஏறத்தாழ இரண்டு சாதாரண இடைவெளிகள். இது தவறிய துடிப்பு இல்லை, முந்திக்கொண்டு வந்த துடிப்பு. இதயத்தின் கீழறையில் ஏதோ ஓரிடம் அவசரப்பட்டு அடித்துவிட, அடுத்த வழக்கமான துடிப்பு தன் நேரம் வரும்வரை காத்திருந்திருக்கிறது. எப்போதாவது ஒன்று வருவது நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. ஆனால் அது வழக்கமான துடிப்புகளைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவிலிருந்து பிறந்த துடிப்பு இல்லை, வேகஸ் நரம்பின் ஏற்ற இறக்கத்தைச் சொல்வதும் இல்லை. ஆகவே அதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் என் 28 அன்று 47 ஆகிவிடுகிறது. வழக்கமான துடிப்புகளுக்கு இடையிலுள்ளவற்றை மட்டும் எடுக்கும்போது ஆர்-ஆர் என்று சொல்லாமல் NN இடைவெளி என்று சொல்வார்கள், N என்றால் நார்மல்.

இந்தக் கூத்தெல்லாம் முடிந்த நேரம் தங்கச்சி தன் ஆப்பிள் வாட்ச்சைக் காட்டி, "எனக்கு 52, உங்களுக்கு வெறும் 28தானா அண்ணா?" என்றாள். அவளுடைய கடிகாரம் எழுதுவது SDNN. அது அடுத்தடுத்த வித்தியாசங்களைப் பார்ப்பதில்லை. எல்லா இடைவெளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை, அதாவது திட்ட விலகலைச் சொல்கிறது. என் பத்து எண்களுக்கே RMSSD 27, SDNN 31. பதிவு நீண்டால் நாடித் துடிப்பின் மெதுவான ஏற்ற இறக்கங்களும் உள்ளே வந்துவிடுவதால் SDNN பொதுவாகக் கூடும். ஐந்து நிமிட SDNN-ஐ 24 மணிநேர SDNN-ஓடு ஒப்பிடக் கூடாது என்று 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. போதாததற்கு, அவளுடைய கடிகாரம் மணிக்கட்டில் இரத்த ஓட்டத்தின் மீது ஒளியடித்து எடுக்கிறது, கூர்மையான ஆர் முனை அதற்குக் கிடைக்காது. அவளிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள், "சரி சரி, 52 பெரிசுதானே" என்று எழும்பிப் போய்விட்டாள்.